ஏழுக்கு அடுத்து ஒன்பது

நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளியில் காசிமாயன் அறிவியல் ஆசிரியர். பேரையூர்க்காரர். பூனை குறுக்கே போனதென்று தயங்கி நிற்கிற பிள்ளைகளைப் பார்த்தால், "பூனைக்கு ஒரு சோலி இருக்கு, அது போகுது. ஒனக்கு என்ன வந்துச்சு?" என்று பிடித்துக்கொள்வார். பள்ளியின் அறிவியல் மன்றமும் அவர் தலையில்தான். இப்பேர்ப்பட்ட மனிதருக்கு எட்டாம் எண் ஆகாது என்பது மனைவி ஜெயக்கொடிக்கு மட்டுமே தெரிந்த சங்கதி.

எண்ணைக் கூட்டினால் எட்டு வருகிற வண்டியில் காளவாசல் சந்திப்பில் இரண்டு முறை விழுந்து எழுந்தவர். வெளியே கேட்டால் பிரேக் தேய்ந்துவிட்டது என்பார். அதை விற்றுவிட்டு, கூட்டினால் ஐந்து வருகிற வண்டி அமையும்வரை பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனார்.

மாவட்டக் கல்வி அலுவலகத்திலிருந்து சுபலட்சுமி மேடம் அவருடைய பத்தாம் வகுப்பைப் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. இதயப் பாடம். அதற்கு அவர் செய்கிற ஸ்லைடு பிடித்துப்போனால் மாவட்டத்துப் பள்ளிகளுக்கெல்லாம் அதுவே போகும். கீழ் மூலையில் காசிமாயன் பெயரும் போகும். அந்த மூலைக்காக மனிதர் சோறு தண்ணீர் மறந்தார்.

வேலையில் குறை சொல்ல முடியாது. இதயத்தின் பன்னிரண்டு பாகங்களுக்கும் கோடு இழுத்தார். கோட்டின் நுனி பாகத்தைத் தொட்டாக வேண்டும், பக்கத்தில் நின்று எட்டிப் பார்க்கக் கூடாது; ஒன்றை ஒன்று வெட்டவும் கூடாது. பெரிதாக்கும்போது கோடும் படமும் ஆளுக்கொரு பக்கம் ஓடாமல் எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டினார். முதலில் எண் மட்டும் தெரியும். கிளிக் செய்தால் பெயர் வரும். மேலே பெருந்தமனியில் ஒன்று என்று தொடங்கி, படத்தின் இடப்பக்கம் இறங்கி, அடியில் இடைச்சுவருக்கு ஏழு போட்டு, வலப்பக்கம் ஏறத் திரும்பினார். அடுத்தது இடது வெண்ட்ரிக்கிள்.

விரல் எட்டாம் பொத்தான்மேல் நின்றது. உடம்பு முழுக்க ரத்தம் தள்ளுகிற அறை அது. அதற்குப் போயா எட்டு? ஒன்பது என்று போட்டார். கடைசிப் பாகத்துக்குப் பதிமூன்று வந்தது. யார் எண்ணிப் பார்க்கப் போகிறார்கள்?

"ஏங்க, எட்டைக் காணமே?" என்றாள், தேநீர் கொண்டுவந்த ஜெயக்கொடி.

"அது டிசைன்."

வகுப்பில் மேடம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். காசிமாயன் பழக்க தோஷத்தில், "நோட்டுல ஒண்ணுலருந்து பன்னண்டு வரை நம்பர் போட்டு, பாகத்து பேரை எழுதுங்க" என்றார். பிள்ளைகள் பாதிப் பேர் திரையின் எண்ணைப் பார்த்து எழுதினார்கள். மீதிப் பேர் படத்தைச் சுற்றி வரிசையாக எழுதிக்கொண்டே போனார்கள்.

"ஒம்பது என்ன?"

"இடது வெண்ட்ரிக்கிள்!" என்றது பாதி வகுப்பு. "ஈரிதழ் வால்வு!" என்றது மறுபாதி. இரண்டு பக்கமும் சத்தம் ஏறியது.

நாஸியா எழுந்தாள். மன்றத்தின் செயலாளர்; அவளுக்குக் கேள்வி கேட்கச் சொல்லிக் கொடுத்தவரே காசிமாயன்தான். "சார், பன்னண்டுன்னீங்க, திரையில பதிமூணு வரை போகுது. எட்டு எங்க சார்?"

பிழை என்று சொல்லியிருந்தால் போயிருக்கும். கவனத்தைச் சோதிக்கத்தான் விட்டேன் என்றாலும் கைதட்டியிருப்பார்கள். இரண்டும் நாக்கு நுனி வரை வந்தன. ஆனால் பூனைக்கு நின்றதற்காக அவரிடம் பாட்டு வாங்கியவளே அவள்தான். அவள் முகத்தைப் பார்த்து அவரால் பொய் சொல்ல முடியவில்லை. வெட்கமாக இருந்தது.

"எட்டுன்னா எனக்குப் பயம்மா. அதான் போடல."

வகுப்பு கூரை அதிரச் சிரித்தது. நாஸியா சிரிக்கவில்லை. "எட்டுக்கு ஒரு சோலி இருக்கு சார், அது வருது. ஒங்களுக்கு என்ன வந்துச்சு?"

மேடமே வாயைப் பொத்திக்கொண்டார். காசிமாயன் மடிக்கணினி அருகே போய், எல்லோரும் பார்க்க, ஒன்பதை அழித்து எட்டு என்று அடித்தார். பிறகு படத்தில் மேலே ஏறி ஒவ்வொன்றாகத் திருத்தினார், பதிமூன்று பன்னிரண்டானது. "எட்டு, இடது வெண்ட்ரிக்கிள். சுவர் ரொம்பத் தடிமன். பலமா அடிக்கும்" என்றார். அவருடையது அப்போது அப்படித்தான் அடித்தது.

கிளம்பும்போது மேடம் சொன்னார்: "ஸ்லைடு எடுத்துக்குறோம் சார். ஏற்கனவே ஏழு பாடம் இருக்கு. உங்களது..." நிறுத்தி, அவரைப் பார்த்தார். "ஒன்பதுன்னு போட்டுக்கவா?"

காசிமாயன் திரும்பிப் பார்த்தார். கதவோரம் நாஸியா நின்றுகொண்டிருந்தாள்.

"எட்டுன்னே போடுங்க மேடம்."

அன்று சாயங்காலம் காளவாசல் வந்ததும் இறங்கி, அதைத் தாண்டும் வரை வண்டியைத் தள்ளிக்கொண்டே நடந்தார். பிரேக் சரியில்லை என்று ஜெயக்கொடியிடம் சொன்னார்.