புதன்கிழமை அஸருக்குப் பிறகு

மகள் மவுத்தாகி இரண்டு வருஷம் முடிந்திருந்தது. காய்ச்சல் என்று கொண்டுபோனோம், நாலாம் நாள் கபர்ஸ்தானில் அடக்கிவிட்டு வந்தோம். அதற்குமேல் அதைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றுமில்லை. அதன் பிறகு என் வீட்டில் அவள், அதாவது என் மனைவி, வியாழக்கிழமைதோறும் நோன்பு பிடிக்க ஆரம்பித்தாள். வைக்கிற நோன்பின் நன்மையை மகளுக்குச் சேர்த்து வைக்கும்படி அல்லாஹ்விடம் கேட்பாள். பிள்ளைக்கு வேறு எதை அனுப்ப முடியும், சட்டையா, பணமா, பலகாரமா. இது ஒன்றுதான் போய்ச்சேரும் என்று நம்பினாள். நானும் நம்பினேன். ஆனால் நான் பிடிக்கவில்லை. மட்டாஞ்சேரி பஜாரில் சுக்கு, மிளகு கிடங்கில் எடை பார்க்கிற வேலை எனக்கு. பத்து மணிக்குள் தொண்டையெல்லாம் தூசி ஏறிவிடும். தண்ணீர் குடிக்காமல் முடியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ரமலானில் அதே தூசியில் முப்பது நோன்பும் பிடிக்கிறவன்தான் நான்.

ஆரம்பத்தில் அவளுக்கு நாள் தவறியது. திங்களும் வெள்ளியும் அவளுக்கு ஒன்றுபோல ஆகியிருந்தன. இரண்டு வாரம் வியாழன் போனதே தெரியாமல் போய், பிறகுதான் தெரிந்தது. அதனால் நான்தான் அவளுடைய போனில் புதன்கிழமைதோறும் சாயங்காலம் ஐந்து மணிக்கு அடிக்கிற மாதிரி அலாரம் வைத்துக் கொடுத்தேன். 'நாளை நோன்பு' என்று தமிழில் எழுதியும் வைத்தேன். ஏழாம் கிளாஸ் வரை படித்தது அதற்கு உதவியது.

அது அடித்தால் அவள் எழுந்துவிடுவாள். அஸர் தொழுதுவிட்டு அந்த விரிப்பிலேயே உட்கார்ந்திருப்பவள், சத்தம் கேட்டதும் பையை எடுத்துக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போவாள். சிறுபயறு, கோதுமை நொய், ஒரு தேங்காய், கீரை, நோன்பு திறக்க நாலு பேரீச்சம்பழம். வந்ததும் பயறை ஊறப்போடுவாள், தயிருக்கு உறை ஊற்றுவாள், கீரையை ஆய்ந்து துணியில் சுற்றி வைப்பாள். வாரத்தில் அந்த ஒரு சாயங்காலம்தான் வீட்டில் பாத்திரச் சத்தம் சரியாகக் கேட்கும். சுபுஹுக்கு முக்கால் மணி நேரம் முன்னால் எழுந்து சஹர் சாப்பிட்டு, பாங்குக்கு முன்னால் தண்ணீர் குடித்து, இன்று நோன்பு என்று மனதில் நிய்யத்து வைத்துக்கொள்வாள். எனக்கு அந்தச் சத்தத்தில் விழிப்பு வரும். கண்ணை மூடிக்கொண்டு கிடப்பேன்.

சர்க்கரை அவளுக்கு முன்பே உண்டு. மாத்திரை போதவில்லை என்று டாக்டர் ராத்திரி ஊசி எழுதினார். வயசான மனுஷர், மலையாளமும் தமிழும் கலந்துதான் பேசுவார்.

"இனிமே நோன்பு வேண்டாம் கேட்டோ. ஊசி போட்டுட்டு பட்டினி கிடந்தா சர்க்கரை அப்படியே தாழ்ந்து போகும்."

"ரமலான் இல்ல சார், வாரத்துக்கு ஒண்ணுதான்," என்றாள்.

"வாரத்துக்கு ஒருக்கா விழுந்தா மதியோ, போதுமோ?"

வெளியே வந்ததும் அவள் என்னிடம் சொன்னாள்: "அவருக்குப் பிள்ளைக இருக்கு. உயிரோட இருக்கு."

அடுத்த புதன் அலாரம் அடித்தது, அவள் பையை எடுத்தாள். சஹருக்கு வயிறு நிறையச் சாப்பிட்டாள். சாயங்காலம் நான் வந்து விரலில் குத்திப் பார்த்தபோது எழுபத்தெட்டு. அதற்கடுத்த வாரம் அறுபத்தைந்து, எழுபதுக்குக் கீழே போகக் கூடாது. உன் கை நடுங்குகிறது, பார்த்தாயா என்றேன்.

"நோன்பு திறந்தா சரியாயிடும்."

"ஒரு நாள் சரியாகாமப் போனா?"

"போனா போகட்டும். போற எடத்துல ஆளு இருக்கு."

கோபமாகச் சொல்லவில்லை. வெங்காயம் தீர்ந்துபோச்சு என்கிற மாதிரிச் சொன்னாள். பயப்பட வேண்டிய இடம் அது. எனக்குப் பயம்கூடச் சரியாக வரவில்லை. அந்த வருஷங்களில் எதுவுமே சரியாக வரவில்லை. ஆனால் அன்று இரண்டு ரக்அத் தொழுதுவிட்டு ஒரு யோசனை செய்தேன். இவள் கிழமை பார்த்து எழுவதில்லை, அலாரத்தைக் கேட்டு எழுகிறாள். அது அடிக்காவிட்டால் மார்க்கெட் இல்லை. மார்க்கெட் இல்லையென்றால் சஹர் இல்லை. சஹர் இல்லையென்றால் நோன்பு இல்லை. இப்படித்தான் கணக்குப் போட்டேன்.

அடுத்த புதன் காலை அவள் குளிக்கப் போனபோது போனை எடுத்து அலாரத்தை அணைத்தேன்.

சாயங்காலம் ஆறு மணிக்கு வந்தேன். அவள் விரிப்பில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பை ஆணியில் தொங்கியது. "சாயா போடவா" என்றாள், போட்டாள். கிழமை பற்றிப் பேச்சே வரவில்லை. ராத்திரி ரசம் வைத்தாள். தட்டில் ஒரு கைப்பிடி சோறு பிசைந்து, பாதியில் எழுந்துவிட்டாள். ஊசியை எப்போதும் போடுகிற அளவே போட்டுக்கொண்டாள். பாதிச் சோறு தட்டில் மிஞ்சியதைப் பார்த்தேன். இன்னும் கொஞ்சம் சாப்பிடு என்று சொல்லியிருக்கலாம். பேச்சு கொடுத்தால் நாளைக்கு என்ன கிழமை என்று வந்துவிடுமோ என்று சும்மா இருந்தேன்.

காலையில் தொழுதுவிட்டுக் குர்ஆனை விரித்து உட்கார்ந்தாள். ஏழு மணி வாக்கில் சாயா போடுவது அவள் வழக்கம். நான் அதற்கு முன்பே கிடங்குக்குக் கிளம்பிவிட்டேன். அன்று லோடு வருகிற நாள்.

பிறகு நடந்தது பக்கத்து வீட்டுக்காரி சொல்லித்தான் தெரியும். மலையாளத்துப் பெண், என் மனைவியைவிடப் பத்து வயது சின்னவள், அவளும் வியாழன் நோன்பு பிடிக்கிறவள். கறிவேப்பிலை கேட்டு வந்தவள் அடுப்பில் சாயாவுக்குத் தண்ணீர் கொதிப்பதைப் பார்த்து, "எந்தா இத்தா, இன்னு நோன்பில்லே?" என்று கேட்டிருக்கிறாள்.

"இன்னைக்கு வியாழனா?"

"பின்னே? சஹருக்கு வெளிச்சம் காணலேன்னு நானும் நினைச்சு."

என் மனைவி அடுப்பை அணைத்தாள். கடமையில்லாமல் விரும்பி வைக்கிற சுன்னத்தான நோன்புக்கு ஒரு சலுகை உண்டு. சுபுஹிலிருந்து ஒன்றும் சாப்பிடாமல், குடிக்காமல் இருந்தால், நடுப்பகலுக்கு முன்னால் நிய்யத்து வைத்துக்கொள்ளலாம். சஹர் சாப்பிடுவது பரக்கத்து, ஆனால் அது இல்லாமலும் நோன்பு கூடும். இது எனக்குத் தெரியாத சட்டமில்லை. சின்ன வயதில் மதரஸாவில் ஓதியதுதான். அலாரத்தை அணைக்கும்போது மட்டும் அது ஞாபகத்தில் வரவில்லை. நான் நோன்பை நிறுத்தவில்லை. நோன்புக்கு முந்தைய சாப்பாட்டைத்தான் நிறுத்தியிருந்தேன்.

பத்தரை மணிக்கு போன் வந்தது. "இக்கா, வேகம் வாங்கோ. இத்தா வேர்த்து ஒழுகி இருக்குது. கேட்டா பதில் இல்ல."

"விழுங்குறாளா? விழுங்குவான்னா சர்க்கரைத் தண்ணி குடு."

"இத்தாக்கு நோன்பாணல்லோ..."

"குடு தாயி."

தராசில் ஏறிய மூட்டையை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். நான் போனபோது சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மேலாடையெல்லாம் நனைந்து, உதட்டோரத்தில் சர்க்கரை ஒட்டியிருந்தது. என்னைப் பார்த்தாள், ஆனால் யாரென்று அடையாளம் தெரியவில்லை. ஆட்டோவில் தூக்கி ஏற்றினோம். ஆஸ்பத்திரியில் குத்திப் பார்த்து நாற்பத்திரண்டு என்றார்கள். குளுக்கோஸ் ஏற ஏறக் கண்ணில் தெளிவு வந்தது. வந்ததும் கேட்ட முதல் கேள்வி:

"நோன்பு முறிஞ்சுபோச்சா?"

"முறிஞ்சுபோச்சு."

முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். "அப்ப இந்த வாரம் அவளுக்கு ஒண்ணும் போகல."

நர்ஸ் வந்து பாட்டிலைப் பார்த்துவிட்டுப் போகும்வரை காத்திருந்தேன். பிறகு சொன்னேன், அலாரத்தை அணைத்தது நான்தான் என்று.

"என்கிட்டச் சொல்லியிருந்தா, ராத்திரி வயித்துக்குச் சாப்பிட்டிருப்பேன்," என்றாள். அவ்வளவுதான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளியில் உஸ்தாதிடம் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அவசரப்படாமல் கேட்டார்.

"உடம்பு அல்லாஹ் நம்மள நம்பிப் பார்த்துக்கக் குடுத்த அமானிதம். டாக்டர் வேண்டாம்னு சொன்ன பிறகு அவங்க வைக்க வேண்டியதில்லை. முறிஞ்ச அந்த ஒரு நோன்பை உடம்பு தேறினப்புறம் பார்த்துக்கலாம், இப்ப அவசரமில்லை."

"அது அவகிட்டச் செல்லாது உஸ்தாத். மகளுக்கு என்ன அனுப்புறதுன்னு கேட்பா."

"நோன்பாளிக்குத் திறக்கக் குடுக்கிறவங்களுக்கும் அந்த நோன்போட கூலி உண்டு, நோன்பாளிக்கு ஒண்ணும் குறையாது. அதை மகளுக்குச் சேர்க்கட்டும்." பிறகு என்னைப் பார்த்தார். "உங்க வீட்டுல நோன்பு பிடிக்க வேற ஆளு யாரும் இல்லையா?"

தரையைப் பார்த்துக்கொண்டு சலாம் சொல்லி எழுந்தேன்.

வீட்டில் அவளிடம் அப்படியே சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை துணி மடித்துக்கொண்டே, "நீங்க பிடிப்பீங்களா, தூசியில?" என்றாள்.

"பிடிக்கிறேன்."

"மத்தியானம் யாருக்கும் தெரியாம சாயாக்கடையில போய் நின்னுறக் கூடாது."

"நிக்க மாட்டேன். ஆனா நீ சாப்பிடணும். மூணு வேளையும்."

அவள் ஒரு சேலையை மடித்து, பிரித்து, திரும்ப மடித்தாள். "நோன்பாளி வீட்டுல பகல்ல எப்படிச் சோறு இறங்கும்."

"இறங்கலேன்னா எனக்கும் நோன்பு வேண்டாம்."

இந்தப் பேரத்தில் இரண்டு பேருக்கும் சந்தோஷம் ஒன்றும் இல்லை. அலாரத்தை அவள் முன்னாலேயே திரும்பப் போட்டேன். புதனன்று நானும் சீக்கிரம் வந்து கூடப் போனேன். கீரைக்காரரிடம் கட்டைப் பிரித்துப் பார்த்து, "வேர்ல மண்ணு, நுனியில பழுப்பு, நடுவுல மட்டும் கீரையா?" என்று கேட்டாள். அவர் சிரித்து இன்னொரு கட்டு எடுத்துக் கொடுத்தார். வரும் வழியில், சஹருக்கு என்ன வேண்டும் என்று என்னிடம் கேட்டாள். எத்தனையோ வருஷமாக எனக்கு இது வேண்டும் என்று எதையும் யோசித்ததில்லை. ஒன்றும் தோன்றவில்லை. நீ வைக்கிறதுதான் என்றேன். ராத்திரி எனக்கு எதிரில் உட்கார்ந்து ஒரு தட்டுச் சோறு முழுவதும் சாப்பிட்டுவிட்டுத்தான் ஊசி போட்டுக்கொண்டாள்.

வியாழன் பகல் ஒரு மணிக்கு, கிடங்கு வாசலில் நின்று அவளுக்குப் போன் போட்டேன். நாக்கு ஒட்டிக்கொண்டிருந்தது.

"சாப்பிட்டியா?"

"ம்."

"என்ன சாப்பிட்ட?"

"கோதுமைக் கஞ்சி. ராத்திரி ஊறப்போட்ட பயறுல கொஞ்சம் எடுத்துத் துவட்டினேன். கதவைச் சாத்திக்கிட்டுச் சாப்பிட்டேன்."

"குத்திப் பார்த்தியா?"

"நூத்தி முப்பது."

அல்ஹம்துலில்லாஹ் என்றேன். அவளும் சொன்னாள். பிறகு, சாயங்காலம் நான் நோன்பு திறக்கத் தேங்காய் துருவ வேண்டும் என்று போனை வைத்தாள்.