டெமோ வகுப்புக்குப் பிறகு ஒரு மெயில்

பெங்களூர் மல்லேஸ்வரத்தில் ஒரு பள்ளி என்னை வேண்டாம் என்று சொன்னபோது நான் சமையலறையில் குக்கருக்கு வெயிட் போட்டுக்கொண்டிருந்தேன். போனில் மெயில் வந்த சத்தம் கேட்டது. விண்ணப்பித்ததற்கு நன்றி, இம்முறை வேறொருவரைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம், எதிர்காலத்துக்கு வாழ்த்துகள். அனுப்பியவர் அங்கே ஆசிரியர் தேர்வைக் கவனிக்கும் ஒருங்கிணைப்பாளர் அம்மா. காரணம் எதுவும் சொல்லவில்லை.

திருப்பத்தூரில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தவள் நான். கணவருக்குப் பெங்களூருக்கு மாற்றலானதும் வேலையை விட்டேன். மகள் பிறந்து, அவள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகுதான் மறுபடி தேட ஆரம்பித்தேன். இங்கே எந்தப் பள்ளியிலும் முதலில் எழுத்துத் தேர்வு, பிறகு டெமோ வகுப்பு. பின் பெஞ்சில் மூன்று பேர் உட்கார்ந்து குறிப்பெடுக்க, முன்பின் தெரியாத பிள்ளைகளுக்கு நாம் பாடம் நடத்திக் காட்ட வேண்டும்.

அன்றைக்கு ஏழாம் வகுப்புக்கு விகிதம் நடத்தச் சொல்லியிருந்தார்கள். அரை மணி நேரம் என்று முன்கூட்டிச் சொல்லியிருந்தார்கள். அங்கே போன பிறகு காலைக் கூட்டம் நீண்டுவிட்டதால் கால் மணி நேரத்தில் முடித்துக்கொள்ளச் சொன்னார்கள். நான் பதறவில்லை. தயாரித்து வைத்திருந்த அத்தனையையும் அந்தக் கால் மணிக்குள் சொல்லி முடித்தேன். பிள்ளைகள் மூச்சுவிடாமல் கவனித்தார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்குத் திருப்தியாகவே இருந்தது.

அதனால்தான் அந்த மெயில் சுருக்கென்றது. மத்தியானமே உட்கார்ந்து பதில் எழுதிவிட்டேன். என் அனுபவம், திருப்பத்தூரில் என் வகுப்பு எடுத்த மதிப்பெண்கள், கடைசி நிமிடத்தில் நேரத்தைக் குறைத்தது எல்லாம் அதில் இருந்தன. கடைசியில், 'என்ன அடிப்படையில் என்னை நிராகரித்தீர்கள் என்று அறிய விரும்புகிறேன்' என்று முடித்திருந்தேன். ஆங்கிலத்தில் அது இன்னும் விறைப்பாக ஒலித்தது.

அனுப்புவதற்கு முன் நாத்தனாரிடம் காட்டினேன். கணவரின் தங்கை, எங்களோடுதான் இருந்தாள். ஒரு ஐ.டி. கம்பெனியில் ஆள் எடுக்கும் பிரிவில் வேலை. 'வருந்துகிறோம்' என்ற மெயிலைத் தினமும் யாருக்காவது அனுப்புகிறவள். ஆபீஸிலிருந்து வந்து செருப்பைக் கழற்றியவள், நின்றபடியே படித்தாள்.

"அண்ணி, தப்பா நினைக்காதீங்க. இந்த மாதிரி மெயில் எங்களுக்கு வந்தா நாங்க லீகல் டிபார்ட்மென்ட்டுக்கு ஃபார்வர்ட் பண்ணிடுவோம்."

"நான் என்ன கேஸா போடுறேன்? என்ன குறைன்னு கேக்கிறேன், அவ்வளவுதானே."

"கேக்கல அண்ணி. நான் நல்லாத்தான் பண்ணேன், நீங்கதான் தப்புன்னு சொல்றீங்க. இதுக்கு அவங்க என்னன்னு பதில் எழுதுவாங்க? எழுதினா நீங்க திரும்ப சண்டைக்கு வருவீங்கன்னு பயந்து சும்மா இருந்துடுவாங்க."

எனக்குக் கோபம்தான் வந்தது. என்னைவிட எட்டு வயது சின்னவள். "அப்ப நேரத்தைக் குறைச்சது பொய்யா?" என்றேன்.

"பொய்யில்ல. ஆனா அத வச்சு உங்களுக்கு என்ன ஆகணும்? அந்த வேலை திரும்பக் கிடைக்கணுமா, இல்ல அடுத்த ஸ்கூல்ல கிடைக்கணுமா?"

கேட்டுவிட்டு அவள் முகம் கழுவப் போய்விட்டாள்.

அன்றைக்கு எதையும் அனுப்பவில்லை. மறுநாள் மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்து அந்த மெயிலைத் திறந்து படித்தேன். யாரோ எழுதியதுபோல் இருந்தது. முழுவதையும் அழித்தேன். புதிதாக எழுதியது சின்னதுதான். வாய்ப்புக் கொடுத்ததற்கும் முடிவைத் தெரிவித்ததற்கும் நன்றி. முடிவை ஏற்றுக்கொள்கிறேன், அதை மறுபரிசீலனை செய்யக் கேட்கவில்லை. வேறு பள்ளிகளுக்கு விண்ணப்பிக்கப் போகிறேன். என் டெமோ வகுப்பில் நான் திருத்திக்கொள்ள வேண்டிய ஒன்றை மட்டும் ஓரிரு வரியில் சொன்னால் உதவியாக இருக்கும். அப்படிச் சொல்லும் வழக்கம் உங்கள் பள்ளியில் இல்லையென்றால் புரிந்துகொள்வேன்.

நாத்தனாருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். 'சூப்பர் அண்ணி. "ஒன்றை மட்டும்"னு போட்டீங்க பாருங்க, அதுதான். ரெண்டு நிமிஷத்துல பதில் போட்டுடலாம்' என்று எழுதினாள். அவர்களுடைய மெயிலுக்கே பதிலாக அனுப்பினேன். அப்படி அனுப்பினால்தான் நான் யார், எந்த வேலைக்கு வந்தவள் என்று அந்த அம்மா தேட வேண்டியிருக்காதாம். அதையும் அவள்தான் சொன்னாள்.

ஒரு வாரம் ஒன்றும் வரவில்லை. மறுபடி ஒன்று போடட்டுமா என்று கேட்டேன். "வேணாம் அண்ணி. பதில் வரலன்னா அதோட விட்டுடணும்" என்றாள். அடுத்த வாரம், நான் எதிர்பார்ப்பதை நிறுத்திவிட்ட பிறகு, பதில் வந்தது.

'உங்கள் பாடத்தில் தெளிவு இருந்தது. நிறையக் கேள்விகள் கேட்டீர்கள். ஆனால் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் நீங்களே பதில் சொல்லிவிட்டீர்கள். பிள்ளைகளுக்கு என்ன புரிந்தது என்பதை எங்களால் பார்க்க முடியவில்லை. வாழ்த்துகள்.'

படித்ததும் முகம் சூடானது. கால் மணி நேரம் கொடுத்துவிட்டு, பிள்ளைகள் பதில் சொல்லும் வரை காத்திருக்கவில்லை என்றால் எப்படி? அன்று சனிக்கிழமை. கணவர் வீட்டில் இருந்தார். அவரிடம் காட்டினேன்.

"டைம் குறைச்சது அவங்க. அத எழுது. உண்மைதானே?" என்றார்.

உண்மைதான். பதிலைத் திறந்து, 'நேரம் பாதியாகக் குறைக்கப்பட்டதால்' என்று தொடங்கினேன். அந்த வாக்கியத்தை முடிக்கும்போது ஒரு சந்தேகம் வந்தது. டெமோவுக்கு இரண்டு நாள் முன்னால், வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில், சுவரைப் பார்த்து நின்று அதே பாடத்தை நடத்திப் போனில் பதிவு செய்திருந்தேன். அப்போது நேரத்தை யாரும் குறைக்கவில்லை.

மொட்டை மாடிக்குப் போய், காயப்போட்ட துணிகளுக்கு நடுவில் நின்று அதைக் கேட்டேன். 'இப்ப ரெண்டையும் எதால பெருக்கணும்? நாலால. கரெக்டா? ஏன் நாலு? ஏன்னா...' கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே ஒரு மூச்சு விடும் இடம்கூட இல்லை. வெறும் சுவர்தானே, யார் பதில் சொல்லியிருப்பார்கள் என்று முதலில் நினைத்தேன். பிறகுதான் இன்னொன்று தோன்றியது. அந்த வகுப்பிலும் நான் சுவரிடம் பேசியதுபோலத்தான் பேசியிருக்கிறேன். பிள்ளைகள் கவனித்தார்கள் என்று நான் நினைத்தது, அவர்களுக்குச் செய்ய வேறு எதுவும் இல்லாததால் இருக்கலாம். நேரத்தைக் குறைத்ததும் நிஜம், இதுவும் நிஜம். அரை மணி கிடைத்திருந்தால் அரை மணியும் நானே பேசியிருப்பேன்.

கீழே வந்து, எழுதியதை அழித்தேன். 'நேரம் ஒதுக்கிப் பதில் எழுதியதற்கு மிக்க நன்றி. அடுத்த வகுப்பில் இதைக் கவனத்தில் வைத்துக்கொள்வேன்' என்று மட்டும் அனுப்பினேன். கணவர், "டைம் விஷயம் போடலயா?" என்றார். "வேணாங்க" என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. எனக்கும் முழுச் சமாதானம் இல்லை.

அதற்குப் பிறகு இன்னொரு பள்ளியில் எழுத்துத் தேர்வோடு நின்றுவிட்டது. அங்கேயும் அதேபோல் நான்கு வரி எழுதிக் கேட்டேன். பதில் வரவே இல்லை. அப்படியும் நடக்கும் என்பது அதற்குள் தெரிந்திருந்தது, விட்டுவிட்டேன்.

மூன்றாவதாக பிரேசர் டவுனில் ஒரு பள்ளி. மறுபடியும் ஏழாம் வகுப்பு, அதே விகிதம். இம்முறை பாடத்தை முழுவதும் தயாரிக்கவில்லை, ஒரே ஒரு கணக்குதான். ஐந்து கப் தண்ணீருக்கு இரண்டு கப் சர்பத் ஊற்றினால் ருசி சரியாக இருக்கிறது. இருபது கப் தண்ணீர் என்றால் சர்பத் எவ்வளவு? போர்டில் எழுதிவிட்டுத் திரும்பி நின்றேன்.

யாரும் பேசவில்லை. பின்னால் மூன்று பேர் பேனாவோடு உட்கார்ந்திருக்க, சும்மா நிற்பது எவ்வளவு கடினம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. சாக்பீஸைக் கையில் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். முன்வரிசைப் பெண்ணைப் பார்த்தேன். "கொத்தில்லா மிஸ்" என்று கன்னடத்தில் சொன்னாள். "தெரியலன்னா பரவாயில்ல, யோசிம்மா" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். ஜன்னலோரத்தில் ஒருத்தி கையைத் தூக்கினாள்.

"பதினேழு, மிஸ்."

தப்பு. திருப்பத்தூராக இருந்தால் உடனே 'இல்ல, உக்காரு' என்று சொல்லியிருப்பேன். "எப்படி வந்தது?" என்று கேட்டேன்.

"அஞ்சு, இருபது ஆச்சு. பதினஞ்சு கூடியிருக்கு. அதனால ரெண்டு கப்போடயும் பதினஞ்சைக் கூட்டினேன்."

வகுப்பில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். அவர்களும் அப்படித்தான் நினைத்திருக்கிறார்கள். அப்போது பின்னாலிருந்து ஒருத்தி, "ஐயோ மிஸ், இருபது கப் தண்ணிக்குப் பதினேழு கப் சர்பத்தா? வாயிலயே வைக்க முடியாது!" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். ருசி ஏன் மாறும் என்று கேட்டேன். வாக்குவாதம் தொடங்கிவிட்டது. ஒருத்தி ஐந்து ஐந்து கப்பாக நான்கு பாத்திரம் வரைந்து காட்டினாள். நான்கு பாத்திரத்துக்கும் இரண்டிரண்டு கப் என்று எண்ணி, பதினேழு சொன்ன பெண்ணே எட்டு என்றாள். மணி அடித்தது. விகிதம் என்ற சொல்லை நான் போர்டில் எழுதவே இல்லை.

வீட்டுக்கு வந்து நாத்தனாரிடம், "ஒரு கணக்குக்கு மேல போகல, பாடமே முடியல" என்றேன்.

"யார் பேசினாங்க? நீங்களா, பசங்களா?"

"அவங்கதான். சந்தை மாதிரி சத்தம்."

"அப்ப பாக்கலாம் அண்ணி" என்று சொல்லிவிட்டு லேப்டாப்பைத் திறந்துகொண்டாள்.

இரண்டு நாள் கழித்து அந்தப் பள்ளியின் முதல்வர் போன் செய்தார். பாடம் முடியவில்லையே, பாடத்திட்டத்தை எப்படி முடிப்பீர்கள் என்று கேட்டார். அது குறையா, சாதாரணக் கேள்வியா என்று எனக்குப் புரியவில்லை. விளக்கம் வாய் வரை வந்தது. நிறுத்தி, "எந்த இடத்துல வேகமா போயிருக்கலாம்னு நீங்க நினைக்கிறீங்க மேடம்?" என்று கேட்டேன். பாத்திரம் வரைந்த பிறகு நீங்களே தொகுத்துச் சொல்லியிருக்கலாம் என்றார். சரிதான் என்று பட்டது, அதைச் சொன்னேன். மறுவாரம் நேரில் பேச வரச் சொன்னார்.

வேலை கிடைத்தது. நிரந்தரமானதில்லை, பிரசவ விடுப்பில் போகும் ஒரு டீச்சருக்குப் பதிலாக. கணவர் சம்பளத்தைக் கேட்டுவிட்டு, "இவ்வளவுதானா?" என்றார். நாத்தனார் ட்ரீட் கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை சிவாஜிநகர் போய் எல்லோரும் பிரியாணி சாப்பிட்டோம். திங்கட்கிழமை காலை ஏழாம் வகுப்பு 'பி' பிரிவுக்குள் நுழைந்து, முதல் கேள்வியைக் கேட்டுவிட்டு, யாராவது பேசட்டும் என்று நின்றேன்.