ஓரத்தில் ஒரு பென்சில் வரி

காவிரி நீரின் உப்பைப் பற்றிய என் கணவரின் ஆய்வேடு ஸ்ரீரங்கத்திலிருந்து சென்னைக்குப் புறப்பட ஒரு மணி நேரமே இருந்தது. எங்கள் குழந்தை போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. நாங்கள் அதிகம் பேசிக்கொள்வதில்லை.

அவர் சொன்ன வரிசையில் மூன்று பிரதிகளையும் சரிபார்த்தேன். உரையிலிருந்த எண்கள் அட்டவணையோடு ஒத்துப்போயின. ஓரிடத்தில் மில்லிகிராம், கிராம் ஆகியிருந்தது. ஒரு படத்தை நீக்கியிருந்ததால் ஐந்தாம் படம் நான்காகியிருந்தது; உரையிலோ இன்னும் ஐந்து என்றே இருந்தது. முடிந்துபோன சோதனை ஒன்று நிகழ்காலத்தில் எழுதப்பட்டிருந்தது. எல்லாவற்றையும் திருத்தினேன். கை தானாக வேலை செய்தது.

கடைசியாக, அழிக்காமல் விட்ட குறிப்புகளைத் தேடினேன். முதல் பிரதியில் அவர் கையால் எழுதிய அட்டவணை ஒன்றின் ஓரத்தில் பென்சில் வரி இருந்தது: ‘குழந்தைக்கு ஜுரம். இந்த அளவை நாளை மறுபடி எடுக்க வேண்டும்.’

“ஏன்னா, இதை அழிச்சுடட்டுமா?”

அவர் தாளை வாங்கிப் பார்த்தார். “மறுபடி எடுக்கவே இல்லையேடி. ஆஸ்பத்திரிக்குன்னா போயிட்டோம்.”

“அப்போ என்ன பண்றது?”

“ஒரே தடவை எடுத்த அளவுன்னு கீழே எழுதிடு. மூணு பிரதியிலேயும்.”

மையால் எழுதினேன். பிறகு பென்சில் வரியை ரப்பரால் தேய்த்தேன். எழுத்து போயிற்று, அழுத்திய தடம் போகவில்லை. அப்படியே கட்டி எடுத்துக்கொண்டு அவர் ரயிலுக்குப் புறப்பட்டார்.