காய்ச்சி அனுப்பிய மாதிரி

தொண்ணூறுகளில் வடநாட்டில் சால்ட் லேக் என்னும் புறநகரில் ஓர் அரசுக் குடியிருப்பின் கட்டுமானத்தை நான் மேற்பார்வையிட்டு வந்தேன். கூரைக் கான்கிரீட்டைக் கலக்கவும் பின்னர் நனைக்கவும் வேண்டிய போர்வெல் நீரைச் சோதனைக்கு அனுப்பினோம். கம்பியை அரிக்கும் குளோரைடு உப்பு வரம்பு மீறியதாக அறிக்கை வந்தது. மழைக்காலம் நெருங்கிய வேளையில் வேலை நின்றது.

விழுப்புரத்து மேஸ்திரி திகைத்தார். "பாதியா வத்துற வரைக்கும் காய்ச்சி, வேட்டியில வடிகட்டில்ல குடுத்தேன் சார்!"

"தண்ணிதான்யா ஆவியாப் போகும். உப்பு எங்க போகும்?"

"பெரிய ஆபீசுக்குப் பச்சத்தண்ணியவா அனுப்புறது?"

மோட்டாரைச் சிறிது நேரம் ஓடவிட்டு, அதே நீரில் அலசிய குப்பியில் மறுமாதிரி பிடித்தோம். அது வரம்புக்குள் தேறியது. எவ்வித மரியாதையும் செய்யப்படாத அந்நீரைக் கொண்டே கூரை வார்க்கப்பட்டது.