ஏழாவது தட்டில் இருந்த புளியம்பழம்

ஒரு புளியம்பழத்தால் எனக்கு இருந்த ஒரே சிநேகிதியை இழந்தேன் என்று சொன்னால் சிரிப்பார்கள். அதனால் யாரிடமும் சொன்னதில்லை. சொல்வதற்கு ஆளும் இல்லை என்பது வேறு விஷயம்.

காரைக்காலில் ஒரு கல்லூரியில் தாவரவியல் கற்பிக்கிறேன். அம்மா போன பிறகு வீட்டில் நான் மட்டும். தம்பி குடும்பத்தோடு பிரான்சில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை போன் செய்து, சாப்பிட்டாயா என்று கேட்பான், சாப்பிட்டேன் என்பேன், அதோடு அந்த வாரம் முடிந்துவிடும். மற்ற நாட்களில் நான் வாய் திறந்து பேசியதெல்லாம் எங்கள் துறையில் இருந்த இன்னொரு ஆசிரியையோடுதான். திருநள்ளாற்றிலிருந்து பஸ்ஸில் வருவாள். என்னைவிட ஆறு வயது சின்னவள். என்னை அக்கா என்பாள். பதினோரு வருஷம் ஆய்வகத்தின் பின்னறையில் ஒரே மேசையில் சாப்பிட்டோம். என் டப்பாவில் தினமும் தயிர்சாதம்தான் இருக்கும் என்று தெரிந்து, எனக்கும் சேர்த்துக் குழம்பு கொண்டு வருவாள்.

செய்முறைத் தேர்வில் ஸ்பாட்டர் என்று ஒரு பகுதி உண்டு. பத்துத் தட்டுகளில் பத்துப் பொருட்களை வைத்திருப்போம். மணி அடித்ததும் மாணவிகள் அடுத்த தட்டுக்கு நகர்ந்து, பொருளின் பெயர், குடும்பம், கனியின் வகை, அதற்கான காரணம் ஆகியவற்றை எழுத வேண்டும். அந்த வருஷம் விடைக்குறிப்பை அவள்தான் தயாரித்தாள். ஏழாவது தட்டில் புளி. குடும்பம், அவரைக் குடும்பம். நாங்கள் படித்த காலத்தில் புளி, கொன்றை, மயில்கொன்றையெல்லாம் தனிக் குடும்பம்; இப்போது எல்லாவற்றையும் அவரையோடு சேர்த்துவிட்டார்கள். அதில் சிக்கல் இல்லை. கனியின் வகை என்ற இடத்தில் அவள் லொமென்டம் என்று எழுதியிருந்தாள். விதைக்கு விதை துண்டு துண்டாகக் கழன்று விழும் காய்க்கு அந்தப் பெயர். தொட்டாற்சுருங்கியின் காய் அப்படிப்பட்டது. புளியையும் அதில் சேர்த்துப் பல பாடப்புத்தகங்கள் எழுதியிருக்கின்றன. அவளுடைய நோட்ஸிலும் அப்படியே இருந்தது. அந்த நோட்ஸைத்தான் எல்லா மாணவிகளும் ஜெராக்ஸ் எடுத்துப் படிப்பார்கள். என் நோட்ஸை யாரும் சீண்டுவதில்லை.

தேர்வுக்கு முதல் நாள் காலையில் தட்டுகளை நிரப்பும்போது ஒரு பழம் என் கையில் நொறுங்கியது. இத்தனை வருஷம் குழம்புக்குக் கரைத்தவள், அன்றுதான் அதை ஒரு கனியாகப் பார்த்தேன். ஓடு எங்கே அழுத்தினாலும் உடைகிறது. விதைகளுக்கு இடையில் இடுப்பு போலக் குறுகிய இடத்தில் வளைத்துப் பார்த்தேன். துண்டு கழன்று வரவில்லை. உள்ளே சதை ஒரே தொடர்ச்சி. காம்பிலிருந்து நுனிவரை நார்கள் ஓடி எல்லாவற்றையும் பிடித்து வைத்திருந்தன. சதையை வழித்தபோது, ஒவ்வொரு விதையும் தோல் போன்ற ஓர் உறைக்குள் இருந்தது. எல்லா விதைகளும் ஒரே பக்கத்து விளிம்பில் ஒட்டியிருந்தன, அவரைக்காயைப் பிரித்தால் தெரிகிற மாதிரி. ஒற்றைச் சூலிலையிலிருந்து வந்த காய். வெடிக்காது, அவ்வளவுதான். இது லெக்யூம், அதாவது அவரை, பட்டாணி வகைக் காய்; வெடிக்காத லெக்யூம். விடைக்குறிப்பு தப்பு.

மதியம் அவள் சுண்டைக்காய் வத்தக்குழம்பு கொண்டு வந்திருந்தாள். சாப்பிட்டேன். நன்றாக இருக்கிறது என்றேன். புளியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்று பிறகு எனக்கே பலமுறை சொல்லிப் பார்த்தேன். மறக்கவில்லை. அந்த வாரம்தான் பிரின்சிபால் கூட்டத்தில் அவளுடைய நோட்ஸைப் புகழ்ந்திருந்தார். பொறாமை. வேறு பெயர் வைத்து என்ன ஆகப்போகிறது?

மறுநாள் புதுச்சேரியிலிருந்து புறத்தேர்வாளர் வந்தார். பொறுமையான மனிதர். தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தவர் ஒன்றை எடுத்து என் பக்கம் நீட்டினார். ஒரு பெண் லெக்யூம் என்று எழுதியிருந்தாள். காரணத்தில், "விதைகள் ஒரு பக்கமாக ஒட்டியிருக்கும், துண்டாகாது" என்று இருந்தது. என் சிநேகிதி அதைச் சிவப்பில் அடித்திருந்தாள்.

"இந்தப் பொண்ணு இப்படி எழுதியிருக்கே, நீங்க என்ன சொல்றீங்க மேடம்?" என்று கேட்டார்.

இரண்டுக்கும் மதிப்பெண் போட்டுவிடலாம் சார், அப்புறம் பேசிக்கொள்கிறோம் என்று சொல்லியிருக்கலாம். நான் எழுந்துபோய் ஏழாவது தட்டைக் கொண்டு வந்தேன்.

"லெக்யூம்னா ரெண்டு பக்கமும் வெடிக்கணும்ல அக்கா? இது வெடிக்கலையே" என்றாள் அவள். குரலில் சண்டை இல்லை, சந்தேகம்தான்.

"வேர்க்கடலை தானா வெடிக்குதா? அதை என்னான்னு சொல்லுவ?" என்றேன். பழத்தை அவள் முன்னாலேயே வளைத்து, நார் இழுத்துப் பிடிப்பதைக் காட்டினேன். "எங்க கழலுது? காட்டு பார்ப்போம். புத்தகத்தைப் பார்த்து எழுதுனா போதுமா, காயைப் பார்க்க வேணாமா?"

கடைசி வாக்கியம் தேவையே இல்லை. கதவு திறந்திருந்தது. வராந்தாவில் மாணவிகள் நின்றிருந்தார்கள்.

"மேடம் சொல்றது சரிதான். அந்தப் பொண்ணுக்கு முழு மார்க் போடுங்க. நோட்ஸைப் பார்த்து எழுதுனவங்களுக்குப் பாதி குடுத்துடுவோம், பிள்ளைங்க என்ன பண்ணும்" என்றார் புறத்தேர்வாளர். தன் நோட்ஸைப் படித்து எழுதிய தாள்களையெல்லாம் அவளே மறுபடி எடுத்து, ஒவ்வொன்றாகத் திருத்தினாள். தலை நிமிரவேயில்லை. எனக்கு அந்த நேரத்தில் சந்தோஷமாகக்கூட இருந்தது. வெட்கப்படவேண்டிய சந்தோஷம்.

மறுநாளிலிருந்து நான் அவளுக்கு மேடம் ஆனேன். "ரெஜிஸ்டர்ல கையெழுத்து போடுங்க மேடம்", "சாவி மேசைல இருக்கு மேடம்". சாப்பாட்டை விலங்கியல் துறைக்குக் கொண்டுபோய்விட்டாள். பின்னறையில் நான் தயிர்சாதம் சாப்பிட்டேன். எதிர் நாற்காலியில் யாரும் இல்லாதபோது சாப்பாடு ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடுகிறது. மீதி நேரத்தை என்ன செய்வது என்று தெரியாமல் மைக்ராஸ்கோப்பில் வைக்கிற கண்ணாடி ஸ்லைடுகளைத் துடைத்து அடுக்குவேன்.

அந்த வருஷமே புதுச்சேரிக்கு மாற்றல் கேட்டு வாங்கினாள். பொண்ணு படிப்புக்காக என்று எல்லோரிடமும் சொன்னாள். கடைசி நாளில் பீரோ சாவியை ஒப்படைக்க வந்தாள். அடுத்த வருஷத்துக்காகத் திருத்திய நோட்ஸையும் மேசையில் வைத்தாள். புளிக்கு நேரே லெக்யூம், வெடிக்காதது என்று இருந்தது. பக்கத்தில் நீளவாக்கில் வெட்டிய பழத்தை அழகாக வரைந்திருந்தாள்.

"அன்னைக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்றேன்.

"நீங்க சொன்னது சரிதானே. நானும் வீட்டுக்குப் போய் எட்டு பத்து பழம் உடைச்சுப் பார்த்தேன்." சொல்லிவிட்டுக் கைப்பையின் பட்டையைத் தோளில் ஏற்றினாள். "ஒண்ணு மட்டும் கேக்கணும். உங்களுக்கு அது எப்பத் தெரியும்?"

பொய் சொல்லியிருக்கலாம். அந்தக் கணத்தில்தான் என்று சொன்னால் நம்பியிருப்பாள். நம்பத்தான் கேட்டாள் என்றும் தோன்றியது.

"முதநாளு காலைல" என்றேன்.

அவள் மனதுக்குள் கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது. காலை. அதற்குப் பிறகு மதியம்.

"என் குழம்பைச் சாப்பிட்டுக்கிட்டே சும்மா இருந்தீங்களா அக்கா?" என்றாள்.

பல மாதங்களுக்குப் பிறகு அக்கா என்றாள். அதோடு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிப் போய்விட்டாள்.