கே. அர்த்தனாரி காலமானார்

கரூரில் இங்கிலீஷ் கடிதம் எழுதத் தெரிந்தவர்கள் பலர் இருந்தார்கள். அதில் பெயரைச் சரியாக எழுதத் தெரிந்தவர் பரஞ்சோதி ஒருவர்தான் என்று ஒரு பேச்சு இருந்தது. அதைக் கிளப்பிவிட்டவர் அவரே என்றும் சொல்வார்கள்.

படுக்கை விரிப்பு ஏற்றுமதி செய்யும் கம்பெனியில் கடிதப் போக்குவரத்து அவர் பொறுப்பு. ஒல்லியான மனிதர். மனைவி போன பிறகு மத்தியானச் சோற்றை மெஸ்ஸில் வாங்கி மேசையிலேயே வைத்துத் தின்பார். தின்றுகொண்டிருக்கும்போதும் யாராவது காகிதத்தை நீட்டுவார்கள்.

"டியர் மிஸ்டர் பி.னு போட்டிருக்கீங்களே, பி.ங்கறது யாருங்க? அவரோட அப்பா. அவருக்கா கடுதாசி போடறீங்க?"

"பேரு நீளமுங்க. சுருக்கமா இருக்கட்டும்னுதான்..."

"நீளமா இருந்தா மூச்சு வாங்கிட்டு எழுதுங்க. மிஸ்டருக்குப் பின்னால அவரு பேரு. கீழ கையெழுத்துல மட்டும் உங்க இனிஷியல் முன்னால, பேரு பின்னால. உங்களுக்கு நீங்களே மிஸ்டர் போட்டுக்காதீங்க. அத ஊரு போடணும்."

ஆர். பரஞ்சோதி என்று அவர் கையெழுத்துப் போடுவதில் ஒரு நிதானம் இருந்தது. முதலில் ஆர்., ஒரு புள்ளி, ஒரு சின்ன இடைவெளி. அப்பா ராசப்பன் அவர் பிறப்பதற்கு முன்பே செத்துவிட்டார். அந்தப் புள்ளிக்கு முன்னால் இருந்ததைத் தவிர அவரிடமிருந்து மகனுக்கு வேறு எதுவும் வரவில்லை.

முதலாளி ஏ. சென்னிமலை. பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுதச் சொன்னார்கள். குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் அப்பாவின் பெயர் போயிற்று. சென்னிமலை அர்த்தனாரி ஆனார். ஜெர்மனியில் துணிக் கண்காட்சிக்குப் போனபோது சட்டையில் குத்திய அட்டையிலும் அதே. ஹாம்பர்க்கிலிருந்து வந்த வோகல் என்ற வியாபாரி கடைசிப் பெயரைப் பிடித்துக்கொண்டார். முதல் ஃபேக்ஸே டியர் மிஸ்டர் அர்த்தனாரி என்று வந்தது.

பரஞ்சோதி அன்றே பதிலில் ஒரு வரி சேர்த்தார். எங்கள் முதலாளியின் பெயர் சென்னிமலை, அர்த்தனாரி அவர் தந்தையின் பெயர், இனி மிஸ்டர் சென்னிமலை என்றே எழுதவும்.

முதலாளி பேனாவை எடுத்து அதை அடித்தார்.

"விடுங்கண்ணா. மொத ஆர்டரு. வாத்தியார் வேல பாக்காதீங்க."

"உங்களக் கூப்புடறதா நெனச்சு உங்கய்யனக் கூப்புடறானுங்க."

"கூப்புடட்டுமே. எங்கய்யன் ஈரோட்டத் தாண்டுனதில்ல. பேராவது ஹாம்பர்க் போகட்டும்."

அடுத்த மாதம் முதலாளி இன்னொன்றும் சொன்னார். அவன் அர்த்தனாரி என்று எழுதுகிறான், நாம் ஏ. சென்னிமலை என்று கையெழுத்துப் போட்டால் வேறு ஆள் என்று நினைப்பான். அவர்கள் வழக்கப்படியே போட்டுவிடலாம். பரஞ்சோதிக்கு மனசில்லை. ஆனாலும் தட்டச்சில் அடித்தார்: சி. அர்த்தனாரி. சொந்தப் பெயர் இனிஷியலாகச் சுருங்கியது. அப்பாவின் பெயர் அந்த இடத்தில் உட்கார்ந்தது. ஆறு வருஷம் அப்படியே ஓடியது. இருபத்துநாலு தறி அறுபதாயிற்று. ஓடியதில் முக்கால்வாசி வோகலுக்கு.

பெரியவர் அர்த்தனாரி ஐப்பசி மழையில் செத்துப்போனார். எண்பத்தொரு வயது. கம்பெனியை முதலில் நாலு கைத்தறியோடு தொடங்கியவர் அவர். சுடுகாட்டுக்குப் புறப்படும்போது முதலாளி வேட்டியை இறுக்கிக்கொண்டே சொன்னார்.

"ஹாம்பர்க்குக்கு ரெண்டு வரி போட்டுருங்கண்ணா. சரக்கு பத்து நாள் தாமதமாவும்னு. நீங்களே கையெழுத்துப் போட்டு அனுப்பிருங்க."

ஆபீஸில் யாருமில்லை. பரஞ்சோதி தாளைச் செருகிவிட்டு யோசித்தார். முதலாளியின் தந்தை என்று எழுதலாம். ஆனால் வோகலுக்கு முதலாளிதான் மிஸ்டர் அர்த்தனாரி. மிஸ்டர் அர்த்தனாரியின் தந்தை மிஸ்டர் அர்த்தனாரி என்று எழுதினால் இழவுச் செய்தி கேலிக்கூத்தாகிவிடும். கம்பெனியைத் தொடங்கியவர் என்றால் கௌரவம். பெரியவரின் அப்பா குப்பண்ணன். ஆகவே கே. நிறுவனர் மிஸ்டர் கே. அர்த்தனாரி நேற்றுக் காலமானார் என்று அடித்தார். மகன் சி., தகப்பன் கே. இதைவிடத் தெளிவாக எழுத முடியாது என்று அவருக்குத் தோன்றியது. நம் ஊரில் ஓர் எழுத்து மாறினால் ஆளே மாறிவிடுவார்.

காரியம் முடிந்த மறுநாள் பதில் வந்தது. டியர் மிஸ்டர் பரஞ்சோதி என்று தொடங்கியது. அவர் பெயரைச் சரியாகத்தான் எழுதியிருந்தார்கள். செய்தி கேட்டு நம்ப முடியவில்லை, ஜனவரியில் என் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார், நாற்பத்தாறு வயது சாகிற வயதா, அவர் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் எங்கள் அனுதாபம் என்று போயிற்று. தலைமை இல்லாத நிலையில் உங்களுக்குச் சிரமம் தரக்கூடாது என்பதால் வசந்தகால ஆர்டரைப் பானிப்பட்டில் ஒரு கம்பெனிக்குக் கொடுத்துவிட்டோம்.

நாற்பத்தாறு என்ற இடத்தில் பரஞ்சோதி நின்றுவிட்டார். வோகல் கே.யைத் தட்டச்சுப் பிழை என்று எடுத்துக்கொண்டிருக்கிறார். பரஞ்சோதி பெயரில் பிழை செய்யாத மனிதர் என்று அவருக்குத் தெரிய வழியில்லை.

மொட்டைத் தலையோடு முதலாளி படித்தார். இரண்டாம் முறையும் படித்தார்.

"என்னைக் கொன்னுட்டீங்களேண்ணா."

பரஞ்சோதி தான் அனுப்பிய கடிதத்தின் நகலை எடுத்து கே. என்ற எழுத்தைக் காட்டினார்.

"அய்யன் செத்த கையோட பையனுக்கும் காரியம் பண்ணிட்டீங்க. எம்பொண்டாட்டிக்கு ஆறுதல் சொல்லியிருக்கான், கொண்டுபோய்க் குடுக்கட்டுமா?"

உடனே போன் போட்டார். பரஞ்சோதி எதிரில் நின்றார். முதலாளி தெரிந்த இங்கிலீஷில் சத்தமாக, நான்தான் சென்னிமலை, உயிரோடு இருக்கிறேன் என்றார். அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். முதலாளியின் முகம் சுருங்கியது. ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பினார்.

"அர்த்தனாரிக்கு நீங்க தம்பியான்னு கேக்கறான்."

பரஞ்சோதி விரிவாக ஒரு கடிதம் எழுதினார். ஆறு வருஷம் முன்பு முதலாளி பேனாவால் அடித்துவிட்ட வரி இப்போது ஒரு பக்கமாக நீண்டது. எங்கள் பக்கம் குடும்பப் பெயர் கிடையாது. முன்னால் வரும் எழுத்து தந்தையுடையது. பின்னால் வருவதே ஆளின் பெயர். இறந்தவர் தந்தை. கீழே முதலாளி கையெழுத்திட வேண்டிய இடத்தில் ஏ. சென்னிமலை என்று அடித்தார். முதலாளி அப்படியே போட்டார். கை பழக்கத்தில் முதலில் சி. என்று தொடங்கி, பிறகு அதன்மேல் ஏ.யை அழுத்தி எழுதினார்.

இரண்டு நாளில் பதில் வந்தது. டியர் மிஸ்டர் சென்னிமலை.

"பாருங்க, எம்பேரு" என்றார் முதலாளி. அதற்கு மேல் படித்து முடித்ததும் தாளை மேசைமேல் கவிழ்த்து வைத்தார். உயிரோடிருப்பதில் மிக்க மகிழ்ச்சி, தந்தைக்கு அனுதாபம், ஆனால் பானிப்பட்டுக்குக் கொடுத்த வாக்கைத் திரும்பப் பெற முடியாது, அடுத்த வருஷம் பார்க்கலாம்.

"நாப்பது தறிய நிறுத்தணும்" என்றார். "அன்னிக்கி அந்த வரிய நான் அடிக்காம இருந்திருந்தா..." பாதியில் விட்டுவிட்டார். பிறகு எழுந்துபோய் ஜன்னலருகே நின்றார். "நீங்களே போய்த் தறி ஓட்டறவங்ககிட்டச் சொல்லிருங்கண்ணா. என்னால முடியாது."

பரஞ்சோதி தறிக்கூடத்துக்குப் போனார். அவர் அங்கே வருவது அபூர்வம். மேஸ்திரி கையை உயர்த்தினார். ஒவ்வொரு தறியாக நின்றது. கடைசித் தறி நின்றதும் கூரையில் மழை பெய்துகொண்டிருப்பது கேட்டது.

அவர் சொன்னார். பெயரை மாற்றிப் புரிந்துகொண்டார்கள், இனிஷியலைப் பார்க்கவில்லை, ஆர்டர் போய்விட்டது, நாளை முதல் இருபது தறிதான் ஓடும் என்றார். எப்படிச் சொன்னாலும் அவர் காதுக்கே அது பொய் போலக் கேட்டது.

தார்க்குச்சியில் நூல் சுற்றும் தங்காயி ராட்டையிலிருந்து கையை எடுக்காமல் கேட்டாள்.

"மொதலாளி பேரத் தப்பாப் புரிஞ்சுக்கிட்டாங்களா?"

"ஆமாம்மா."

"எங்க பேரு அவங்களுக்குத் தெரியுமுங்களா?"

"தெரியாது."

"பொறகு எங்க வேல எப்படிங்க போவும்?"

யாரோ சிரித்தார்கள். பரஞ்சோதி நின்றுகொண்டே இருந்தார். அவளைக் கூப்பிட்டு ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. பத்து வருஷமாக அங்கே வேலை செய்யும் அவளுடைய இனிஷியல் என்னவென்று அவருக்குத் தெரியாது.