நாற்பத்தொன்பதாயிரமும் அக்காவின் முதுகும்

கணக்கில் நான் கெட்டிக்காரன் என்ற திமிர் எனக்கு உண்டு. அரசுப் பள்ளியில் வாத்தியார் வேலை பார்த்தால் அது தானாக வந்துவிடும் போலிருக்கிறது.

அக்கா உப்பளத்தில் தலைச்சுமையாக உப்பு அள்ளிக் கொட்டுகிறவள். இடுப்புக்கு மேலே முதுகெலும்பில் டிஸ்க் நழுவி, இடது கால் மரத்துப்போய்விட்டது. அரசு ஆஸ்பத்திரியில் நாலு மாதம் காத்திருக்கச் சொன்னார்கள். டாக்டரோ, அவ்வளவு நாள் தாங்காது, ஆபரேஷனுக்குப் பிறகும் ஆறு மாதம் தலையில் எதுவும் ஏற்றக்கூடாது என்றார். அதனால்தான் பாண்டிச்சேரியில் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அறுபதாயிரம் செலவு. பதினைந்தாயிரம் முன்பணம் கட்டியாயிற்று. மீதி நாற்பத்தைந்தாயிரத்துக்கு வழி சொன்னால்தான் அடுத்த வாரம் ஆபரேஷன்.

ஆஸ்பத்திரியிலேயே தவணைத் திட்டம் இருந்தது. மாதம் நாலாயிரம், பன்னிரண்டு மாதம், ஃபைல் சார்ஜ் ஆயிரம்.

"வட்டியே இல்லங்க சார்" என்று பில் கவுண்டரில் இருந்த பெண் மூன்றாவது தடவையாகச் சொன்னாள்.

"வட்டி இல்லன்னா நாப்பத்தஞ்சு எப்படிம்மா நாப்பத்தொம்பது ஆவுது?"

"அது திட்டம் சார்."

பக்கத்தில் நின்ற மாமா, அக்காவின் புருஷன், "வட்டி இல்லன்றாங்களே, கையெழுத்துப் போட்டுட்டு வாப்பா" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் என் சம்பளக் கணக்கு இருக்கும் வங்கிக்குப் போனேன். அங்கே வேறு பாட்டு. எவ்வளவு வட்டி, மொத்தம் எவ்வளவு திரும்பும் என்று கேட்டால், "மாசம் ரெண்டாயிரத்தி நூத்தி அறுபத்தொண்ணுதான் சார்" என்றே பதில் வந்தது. கடைசியில் நானே கேட்டுக் கேட்டு எழுதினேன். கட்டக் கட்டக் குறையும் பாக்கிக்கு ஆண்டு வட்டி பதினாலு சதம், இருபத்துநாலு மாதம், செயலாக்கக் கட்டணம் நூற்றுக்கு இரண்டு. எல்லாம் சேர்த்தால் ஐம்பத்திரண்டாயிரத்து எழுநூற்று அறுபத்துநாலு. ஆஸ்பத்திரித் திட்டத்தைவிட மூவாயிரத்து எழுநூற்று அறுபத்துநாலு ரூபாய் அதிகம்.

சாயங்காலம் அக்கா வீட்டில் தாளை விரித்து, ஆஸ்பத்திரித் தவணைதான் லாபம் என்று விளக்கினேன். மாமா இந்தத் தடவை பக்கம் மாறிவிட்டார்.

"மாசத்துக்கு ரெண்டாயிரந்தானே? இது தேவலாம்ப்பா."

"மாமா, மாசத்தப் பாக்காதீங்க, மொத்தத்தப் பாருங்க. எத்தினி வாட்டிதான் சொல்றது?"

குரல் உயர்ந்துவிட்டது. நாலாயிரத்தை எப்படிப் பிரிப்பது என்றும் எழுதி வைத்திருந்தேன். என் பங்கு இரண்டாயிரம், மாமா ஆயிரம், அக்கா ஆயிரம். பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்த அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஆஸ்பத்திரில மொத்தத்தையும் ரொக்கமா குடுத்தா என்ன வெல?" என்றாள்.

"ஆஸ்பத்திரி என்ன உப்பு அம்பாரமாக்கா, வெல பேச?"

"லாரிக்காரன் ரொக்கம் வச்சா மூட்டைக்கு ஒரு வெல, அப்புறம் தரேன்னா ஒரு வெல. எல்லா எடத்துலயும் அப்டித்தான் இருக்கும். கேட்டுத்தான் பாரேன்டா."

எரிச்சலோடுதான் போனேன். இவளுக்காக ஒரு நாள் லீவு வேறு. கவுண்டரில் அதே பெண். ஆபரேஷனுக்கு முன்னால் மீதியை மொத்தமாகக் கட்டினால் என்ன என்று கேட்டேன்.

"டென் பர்சென்ட் கொறையும் சார். நாப்பதாயிரத்தி ஐந்நூறு கட்டினாப் போதும்."

"இத ஏம்மா அன்னிக்கே சொல்லல?"

"நீங்க தவணைதானே சார் கேட்டீங்க?"

திட்டு வாய்வரை வந்துவிட்டது. ஆனால் திட்டு யாருக்குப் போக வேண்டும் என்று தெரிந்ததால் அடக்கிக்கொண்டேன். ரொக்கத்துக்கு என்ன விலை என்று கேட்காமல் நாற்பத்தைந்தாயிரத்தையே இரண்டு பக்கமும் வைத்து ஒப்பிட்டவன் நான்தான்.

அங்கிருந்து நேராக வங்கிக்குப் போனேன். கடன் இனி நாற்பதாயிரத்து ஐந்நூறுதான். மாதம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தைந்து, இருபத்துநாலு மாதம். கட்டணம் எண்ணூற்றுப் பத்து. ஆக மொத்தம் நாற்பத்தேழாயிரத்து நானூற்றுத் தொண்ணூறு. நான் பிடிவாதமாகச் சொன்ன ஆஸ்பத்திரித் திட்டத்தைவிட ஆயிரத்து ஐந்நூற்றுப் பத்து ரூபாய் குறைவு. மாதத் தவணையோ பாதிக்கும் கீழே. விண்ணப்பத்தைக் கொடுத்தேன். ஆபரேஷனுக்கு முதல் நாளுக்குள் பணம் வந்துவிடும் என்றார்கள்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். மாமா, "நாந்தான் அப்பவே சொன்னேனே, பேங்க்கு தேவலாம்னு" என்றார்.

அக்கா தாளைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள்.

"மாசம் ரெண்டாயிரத்துக்குள்ளன்னா, நீயும் உங்க மாமாவும் கட்டிக்குவீங்கல்ல?"

"ஆமாக்கா."

"அப்ப ஆபரேஷன் ஆன அடுத்த மாசமே நான் உப்பு தூக்கப் போவ வேணாமா?"

பழைய தாளில் அவளுக்கு நேராக ஆயிரம் என்று எழுதியது என் கைதான். முதல் மாதத்திலிருந்தே எழுதியிருந்தேன்.